போலிஷ் பி1 தேர்வுக்கு விகிலியா வாழ்த்தை நான் படித்த விதம்

போலந்தில் குடியுரிமைக்கும் நீண்டகால வசிப்புரிமைக்கும் விண்ணப்பிக்கிற நம் ஆட்கள் பலர் போலிஷ் மொழியில் பி1 சான்றிதழ் தேர்வு எழுதுகிறார்கள். எழுத்துப் பகுதியில் வாழ்த்து, அழைப்பு, அறிவிப்பு என்று சின்னச் சின்ன வடிவங்கள் வரும். பேச்சுப் பகுதியில் ஒரு சூழலைக் கொடுத்து, அதில் இருப்பதுபோல் பேசச் சொல்வார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு விஷயத்தை ஆழமாகப் படிக்க நேரம் இருந்தால் விகிலியா வாழ்த்தைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்குள் மூன்று வேற்றுமைகள், மரியாதைப் பேச்சு, விருப்பத்தைச் சொல்லும் வாக்கியம் எல்லாமே அடங்கிவிடுகின்றன.

விகிலியா என்பது டிசம்பர் 24 மாலை வீட்டில் நடக்கும் விருந்து. போலந்துக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் பகலைவிட இந்த மாலைதான் முக்கியம். 2025 முதல் அன்றைக்கு அரசு விடுமுறையும் உண்டு. வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் மேசைக்கு வருவார்கள். குளிர்காலம் என்பதால் நாலு, நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மேசைவிரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல் இருக்கும். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு காலியாக இருக்கும். பன்னிரண்டு வகை உணவு என்பது வழக்கம், எதிலும் இறைச்சி கிடையாது. பீட்ரூட் சூப்பான பர்ஷ்ச், அதில் மிதக்கும் ஊஷ்கா என்ற குட்டிக் கொழுக்கட்டை, கெண்டை மீன், ஹெர்ரிங் மீன், முட்டைக்கோஸும் காளானும் வைத்த பியெரோகி, உலர்பழம் வேகவைத்த கொம்போத். தேர்வில் படத்தைக் காட்டிப் பேசச் சொன்னால் இந்தப் பெயர்கள் உதவும். வாழ்த்துக்கு இவை தேவையில்லை.

வாழ்த்து நடக்கிற இடம் சாப்பாட்டுக்கு முன்னால் வருகிற ஒப்வாதெக். மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட, காகிதம்போல் மெல்லிய வெள்ளை அப்பம் அது. மேலே இயேசு பிறப்புக் காட்சி அச்சாகப் பதிந்திருக்கும். தேவாலயத்தில் பூசையில் தருகிற நற்கருணை வேறு, இது வேறு. அதனால் எந்த மதத்தவரும் தயக்கமில்லாமல் பங்கெடுக்கலாம். ஆளுக்கொரு அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நீங்கள் ஒருவரிடம் போய் உங்கள் அப்பத்தை நீட்ட வேண்டும். அவர் அதிலிருந்து ஒரு துணுக்கை ஒடித்துக்கொள்வார், நீங்கள் அவருடையதிலிருந்து ஒடித்துக்கொள்வீர்கள். வாழ்த்தைச் சொல்லிக்கொண்டு துணுக்கைச் சாப்பிட்டுவிட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்தோ கைகுலுக்கியோ அடுத்தவரிடம் நகர வேண்டும். அறையில் ஆறு பேர் என்றால் நீங்கள் ஐந்து முறை வாழ்த்த வேண்டும். பக்கத்தில் நிற்பவர் காதில் விழும் என்பதால் ஐந்து பேரிடமும் அதே வரியை ஒப்பிக்க முடியாது. மனப்பாடம் இந்த இடத்தில்தான் கைவிடுகிறது. தேர்வாளரும் இதைத்தான் பார்க்கிறார்.

நான் வாழ்த்தை மூன்று துண்டாகப் பிரித்துப் படித்தேன்: அழைப்பு, பொது வாழ்த்து, அந்த ஆளுக்கு மட்டும் பொருந்துகிற ஒரு வாழ்த்து.

அழைப்பு நமக்கு எளிது. தமிழில் விளி வேற்றுமை இருப்பதுபோலவே போலிஷிலும் உண்டு. எவா என்ற பெண்ணைக் கூப்பிடும்போது ‘பானி எவோ’ என்று ஆகும். அதாம் என்ற ஆணை ‘பானியே அதாமியே’ என்று அழைக்க வேண்டும். பான், பானி என்பவை மரியாதைச் சொற்கள், நம் ‘ஐயா’, ‘அம்மா’ மாதிரி. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இவை இல்லாமல் பேசக் கூடாது. தேர்வுத்தாளில் ‘வயதான அண்டை வீட்டுக்காரர்’ என்று இருந்தால், கடைசி வரி வரை இந்த மரியாதை குலையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பொது வாழ்த்தின் நடுவில் இருக்கிற வினை ‘ஜிச்செ’. முதல் ஒலி நம் ‘ஜ’வைவிட உரசலாக வரும். தமிழில் ‘உங்களை வாழ்த்துகிறேன்’ என்று ஆளை ‘ஐ’ உருபோடு சொல்கிறோம். போலிஷில் ஆளுக்கு ‘கு’ உருபு வரும்: பெண்ணுக்கு ‘ஜிச்செ பானி’, ஆணுக்கு ‘ஜிச்செ பானு’, குடும்பத்துக்கு ‘ஜிச்செ பைஞ்ஸ்ட்வு’. எதை வாழ்த்துகிறோமோ அந்தப் பொருளுக்கு ஆறாம் வேற்றுமை வரும். நம்மவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். ‘வாழ்த்துகிறேன்’ என்ற வினைக்குப் பிறகு ‘மகிழ்ச்சி’, ‘ஆரோக்கியம்’ என்று அகராதி வடிவத்தையே அடுக்கிவிடுகிறோம்.

இதற்கு முழு இலக்கண அட்டவணையும் வேண்டாம். வாழ்த்தில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் ஒரு கைப்பிடிதான். நலம் ‘ஸ்ட்ரோவியே’ என்பது ‘ஸ்ட்ரோவ்யா’ ஆகும். இன்பம் ‘ஷ்சென்ஷ்சியே’ என்பது ‘ஷ்சென்ஷ்ச்யா’ ஆகும். மகிழ்ச்சி ‘ரதோஷ்ச்’ என்பது ‘ரதோஷ்சி’ ஆகும், அன்பும் வளமும் அதே தடத்தில் ‘மிவோஷ்சி’, ‘பொமிஷ்ல்னோஷ்சி’ என்று போகும். அமைதி ‘ஸ்போகுய்’ மட்டும் நடு உயிரையும் மாற்றிக்கொண்டு ‘ஸ்போகோயு’ ஆகும். இந்த ஆறையும் அகராதி வடிவத்தில் படிக்காமல், ‘ஜிச்செ பானி’ என்ற தொடக்கத்தோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நான் நடக்கும்போது இப்படித்தான் சொல்லிக்கொண்டே போவேன். முன்னால் ‘டூஜோ’, அதாவது ‘நிறைய’ என்று சேர்த்தாலும் இதே வடிவம்தான், எதுவும் மாறாது.

கடையிலும் மாடிப்படியிலும் எல்லோரும் சொல்கிற ‘வெஸோவிஹ் ஷ்வியோந்த்’ என்ற வாழ்த்தும் இதே இலக்கணம்தான். ‘மகிழ்ச்சியான திருநாள்’ என்பதற்கு முன் ‘வாழ்த்துகிறேன்’ மறைந்து நிற்பதால் அது ஆறாம் வேற்றுமையில் இருக்கிறது. புத்தாண்டும் அப்படியே: ‘ஷ்செங்ஷ்லிவெகோ நொவெகோ ரோகு’. நீங்கள் சொன்னது சரியா என்று காதாலேயே பிடிக்கலாம். ஒருமையில் ஆண்பாலுக்கும் அஃறிணைப் பாலுக்கும் ‘எகோ’, பெண்பாலுக்கு ‘எய்’, பன்மைக்கு ‘இஹ்’ என்று பெயரடை முடிந்தால் சரி. அந்த ஒலி கேட்கவில்லை என்றால் நிறுத்தித் திரும்பச் சொல்லுங்கள். தன்னைத் தானே திருத்திக்கொள்வது தேர்வில் குறையல்ல.

மூன்றாவது துண்டுதான் வாழ்த்துக்கு உயிர் கொடுப்பது. பயிற்சிக்கு நான் வைத்துக்கொண்ட சூழல் இது: எவா என்ற பக்கத்து வீட்டு அம்மா, பணி ஓய்வு பெற்றவர், முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது, பேரன் மே மாதம் பள்ளி இறுதித் தேர்வான மதூரா எழுதப்போகிறான். அவரிடம் சொல்ல வேண்டியது:

‘பானி எவோ, ஸொகாஸ்யி ஷ்வியோந்த் போஜெகோ நரோஜேன்யா ஜிச்செ பானி டூஜோ ஸ்ட்ரோவ்யா, ஸ்போகோயு இ ரதோஷ்சி. ஜெபி கொலானோ யுஜ் நியே பொலாவோ இ ஜெபி வ்னுக் டொப்ஜே ஸ்டாவ் மதூரெ.’

எவாம்மா, கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டி உங்களுக்கு நிறைய நலமும் அமைதியும் மகிழ்ச்சியும் கிடைக்க வாழ்த்துகிறேன், முழங்கால் இனி வலிக்காமல் இருக்கட்டும், பேரன் மதூராவில் நன்றாகத் தேறட்டும் என்பது பொருள். முதல் வாக்கியம் யாருக்கும் பொருந்தும். இரண்டாவது எவாவுக்கு மட்டும்தான் பொருந்தும்.

‘ஜெபி’ என்பது நம் ‘-அட்டும்’ செய்கிற வேலையைச் செய்கிறது. அதற்குப் பின்னால் வினை இறந்தகால வடிவத்தில் வர வேண்டும். நடக்கப்போவதைச் சொல்கிறோமே என்று எதிர்காலத்தைப் போட்டால் வாக்கியம் உடைந்துவிடும். வினை பாலுக்கு ஏற்பவும் மாறும்: முழங்கால் அஃறிணைப் பால் என்பதால் ‘பொலாவோ’, பேரன் ஆண் என்பதால் ‘ஸ்டாவ்’, பேத்தியாக இருந்தால் ‘ஸ்டாவா’. இன்னொன்று: நண்பனிடம் சொல்லும் ‘ஜெபிஷ்’ என்ற முன்னிலை வடிவம் பானியோடு சேராது. பெரியவரிடம் ‘ஜெபி பானி பிவா ஸ்ட்ரோவா’, அதாவது ‘அம்மா நலமாக இருக்கட்டும்’ என்று படர்க்கையில்தான் சொல்ல வேண்டும்.

எவா என்ற பெயரை நான் வேண்டுமென்றே எடுத்தேன். போலந்து நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் சில பெயர்களுக்கு உரியது, டிசம்பர் 24 அதாம், எவா இருவருக்கும் பெயர்நாள். அங்கே, முக்கியமாகப் பெரியவர்கள் மத்தியில், பெயர்நாளைப் பிறந்தநாள் அளவுக்குக் கொண்டாடுவார்கள். அண்டை வீட்டில் ஓர் அதாமோ எவாவோ இருந்தால், விகிலியா வாழ்த்து முடிந்ததும் ‘அ ஸொகாஸ்யி இமியேனின் ஃப்ஷிஸ்ட்கியெகோ நைலெப்ஷெகோ’ என்று ஒரு வரி சேருங்கள். ‘பெயர்நாளுக்கும் என் நல்வாழ்த்துகள்’ என்று அர்த்தம். திருநாள் பரபரப்பில் தன் பெயர்நாளை யாரும் நினைக்கமாட்டார்கள் என்று இருக்கிற ஆளுக்கு அது பெரிய சந்தோஷம்.

வாழ்த்திவிட்டு வாயை மூடிக்கொள்ளக் கூடாது, எதிராளியும் வாழ்த்துவார். ‘ஜெங்குயே, நவ்ஸாயெம்’ என்றால் ‘நன்றி, உங்களுக்கும் அப்படியே’. மாடிப்படியில் இது போதும். தேர்வில் போதாது, அப்பம் கையில் இருக்கும்போதும் போதாது. அவர் சொன்னதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். ‘நல்ல வேலை கிடைக்கட்டும்’ என்று வாழ்த்தினால், நன்றியோடு அந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்க்கலாம். உரையாடல் பகுதியில் தேர்வாளர் எதிர்பார்ப்பது இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான்.

எழுத்தில் வாழ்த்து அட்டை கேட்டால் மேலே சொன்ன இரண்டு வாக்கியங்களோடு புத்தாண்டு வரியையும் சேர்த்து, கீழே கையெழுத்திடுங்கள். கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை இரண்டுதான். பானி, பானு, பைஞ்ஸ்ட்வு ஆகிய மரியாதைச் சொற்களைக் கடிதத்தில் பெரிய எழுத்தில் தொடங்குவது வழக்கம். எழுத்துகளின் கீழே வருகிற வாலையும் மேலே வருகிற புள்ளி, கோடுகளையும் விடக் கூடாது, விட்டால் எழுத்துப்பிழைதான். கைபேசியில் அவை இல்லாமலே தட்டிப் பழகியவர்கள், தேர்வுக்கு முன் சில வாரம் பேனாவால் எழுதுங்கள்.

கடைசியாக, தேர்வைத் தாண்டியும் தேவைப்படுகிற ஒன்று. அந்த ஆண்டு சாவு நடந்த வீட்டுக்குப் போகும்போது ‘வெஸோவிஹ்’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது, அது கலகலப்பான மகிழ்ச்சியைச் சொல்கிறது. அந்த இடத்தில் ‘ஸ்போகோய்னிஹ் ஷ்வியோந்த்’, அதாவது ‘அமைதியான திருநாள்’ என்று சொல்லுங்கள். இலக்கணம் அதேதான், முதல் சொல் மட்டும் மாறுகிறது. சூழல் அட்டையில் அண்டை வீட்டுக்காரர் கணவரை இழந்தவர் என்று இருந்தாலும் இதையே பயன்படுத்தலாம்.