நண்பனுக்கு நன்றி எழுத மூன்று நாள் ஆனது

வீடு மாறியது சனி, ஞாயிறு இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் கூடவே நின்ற நண்பனுக்கு நன்றி சொல்லி ஒரு மெசேஜ் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. சாமான் தூக்கியதைவிட இதுதான் கஷ்டம் என்று சொன்னால் அவன் சிரிப்பான். தூக்கியதில் பாதிக்கு மேல் அவன்தானே.

ஞாயிறு இரவு பத்தரைக்குக் கிளம்பினான். வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனிடம் "ரொம்ப தேங்க்ஸ்டா" என்றேன். "போடா டேய்" என்று வண்டியை எடுத்தான். "நமக்குள்ள என்ன தேங்க்ஸ்" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். நெருங்கியவனிடம் நன்றி சொன்னால் ஏதோ ஒரு அடி தள்ளி நிற்கச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. அதற்காகச் சொல்லாமலே விட்டால், அவன் செய்ததை நான் கவனிக்கவே இல்லையோ என்று அவனுக்குத் தோன்றலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன்.

திங்கள் காலை, இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்து முதல் மெசேஜை அடித்தேன். "இந்த இரண்டு நாட்களும் நீ செய்த உதவிக்கு என் மனமார்ந்த நன்றி. உன்னைப் போன்ற நண்பன் கிடைத்தது என் பாக்கியம். இதற்கு எப்படிக் கைமாறு செய்யப் போகிறேனோ தெரியவில்லை." படித்துப் பார்த்தேன். ஆண்டு விழாவில் நன்றியுரை ஆற்றுகிறவர் மைக்கைத் தட்டிவிட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. நான் அவனிடம் பேசுகிற தமிழே இல்லை இது. அவனை வாழ்நாளில் "செய்தாய்" என்று சொன்னதில்லை, "செஞ்ச" என்றுதான் சொல்வேன். இன்னொன்றும் உறைத்தது. இதே மெசேஜை சாமான் ஏற்றி வந்த வண்டி டிரைவருக்கு அனுப்பினாலும் ஒரு எழுத்து மாற்ற வேண்டியிருக்காது. அழித்தேன்.

பொதுவாக எழுதியதுதானே தப்பு, அவன் செய்ததையெல்லாம் எழுதிவிடுவோம் என்று அடுத்து உட்கார்ந்தேன். நினைவுக்கு வர வர வந்துகொண்டே இருந்தது. டிவிக்குப் பின்னால் இருந்த ஒயர்களைப் பிடுங்குவதற்கு முன் எது எதில் சொருகியிருக்கிறது என்று போட்டோ எடுத்து வைத்தான். கட்டிலைக் கழற்றியபோது அதன் போல்ட்களை ஒரு கவரில் போட்டு, அந்தக் கட்டிலின் சட்டத்திலேயே டேப் போட்டு ஒட்டினான். படியில் ஃப்ரிட்ஜைச் சாய்த்துத்தான் ஏற்ற முடிந்தது. மேலே போனதும் நான் பிளக்கைச் சொருகப் போனேன், கையைத் தட்டிவிட்டான். சாய்த்தால் கம்ப்ரசரில் இருக்கிற ஆயில் குழாய்க்குள் ஏறிவிடும், அது திரும்ப இறங்க நேரம் கொடு என்று நாலு மணி நேரம் தொடவிடவில்லை. "முதலில் திறக்கவும்" என்று எழுதிய ஒரு பெட்டியில் சோப்பு, துண்டு, சார்ஜர், அம்மாவின் மாத்திரை எல்லாவற்றையும் தனியாகப் போட்டு வைத்திருந்தான்.

எழுதி முடித்தபோது பத்தொன்பது வரி. வருகைப் பதிவேடு மாதிரி நின்றது. எல்லாம் உண்மை, ஆனால் எல்லாமே ஒரே எடையில் இருந்தது. இவ்வளவு நீளப் பட்டியலைப் படிக்கிறவனுக்கு "நீ செஞ்சதுக்குக் கணக்கு வச்சிருக்கேன்" என்றுதான் தோன்றும். அதையும் அழித்தேன்.

மூன்றாவது கிண்டலாக வந்தது. பீரோவை அவன் "மாமனார் வீட்டுச் சீதனம் மாதிரி" கட்டிப்பிடித்து இறக்கியதை வைத்து ஒரு பத்தி. எழுதும்போது எனக்கே சிரிப்பு. மனைவியிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. இதுல நன்றி எங்க?" என்றாள். கிண்டல் எங்களுக்குப் பழகின பாஷை, அதற்குள் ஒளிந்துகொள்வது சுலபம். நடுவில் ஒரு வாய்ஸ் நோட்டும் பேசிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் தாண்டியும் விஷயத்துக்கு வராமல், புது வீட்டுக் குழாயில் தண்ணீர் மெதுவாக வருவதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு "வாஷிங் மெஷின் மாட்டணும், எப்ப வர?" என்று முடித்திருந்தேன். நன்றி சொல்கிற வாயாலேயே அடுத்த வேலையும் கேட்டால் முன்னது வெறும் பீடிகைதான். அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்ட ஒரே ஆள் நான்.

செவ்வாய் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹாலில் பெட்டிகளுக்கு நடுவே படுத்திருந்தேன். இரண்டு மணி வாக்கில் அம்மா அறையில் கட்டில் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது. பழைய வீட்டில் பத்து வருடத் தடத்தில் நடந்துவிடுவார், புது வீட்டில் என்ன செய்வாரோ என்பதுதான் எனக்கு முதல் இரண்டு நாளும் பயம். எழுந்து போவதற்குள் அம்மா லைட்டே போடாமல் இறங்கி, வலது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து, பாத்ரூம் கதவைத் திறந்தார். திரும்பி வந்து படுத்தார். எதிலும் இடிக்கவில்லை.

காலையில் கேட்டேன். "அந்தப் பையன்தாம்ப்பா. எந்தப் பக்கமா எறங்குவீங்க, எந்திரிச்சா எந்தக் கைப் பக்கம் சுவர் இருக்கும்னு கேட்டான். அப்புறம் கட்டிலைத் தல மாத்திப் போட்டான்" என்றார் அம்மா. ஞாயிறு சாயங்காலம் நான் கீழே வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஜன்னலோரமாக நாங்கள் முதலில் போட்ட கட்டிலை, பழைய அறையில் இருந்த அதே வாகில் அவன் தனியாளாகத் திருப்பியிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எதை எழுத வேண்டும் என்பது அப்போது புரிந்துவிட்டது. பத்தொன்பது வரியில் இது இல்லவே இல்லை. அந்தப் பத்தொன்பதையும் கூலிக்கு ஆள் வைத்தும் ஓரளவு செய்துவிடலாம், இதை முடியாது.

பாக்கி ஒரு உறுத்தல். சனிக்கிழமை பீரோவைப் படித் திருப்பத்தில் சாய்த்தபோது அவன் கட்டைவிரல் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. நான் அதைப் பார்க்கவில்லை. "மெதுவாடா, சுவத்துல கோடு விழுது" என்று கத்தினேன். சாயங்காலம் பார்த்தால் நகம் கறுத்திருந்தது. நன்றியோடு மன்னிப்பையும் கலக்கலாமா என்று யோசித்தேன். "என்னை மன்னிச்சிடு, நான் ஒரு முட்டாள்" என்ற ரீதியில் போனால், பதிலுக்கு அவன் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும். நன்றிக் கடிதத்தில் அவனுக்கு அந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. நடந்ததை மட்டும் ஒரு வரியில் வைத்தேன்.

புதன்கிழமை அனுப்பியது இதுதான்:

"டேய், நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா லைட் போடாம எந்திரிச்சு, சுவரைத் தொட்டுட்டே பாத்ரூம் போயிட்டு வந்து படுத்துட்டாங்க. புது வீட்ல மூணாவது ராத்திரி. நான் இருட்டுல நின்னு பாத்துட்டே இருந்தேன். எந்தப் பக்கம் எறங்குவீங்கன்னு நீ கேட்டதைக் காலைல சொன்னாங்க. நாலு மாசமா வீடு தேடினேன், எனக்கு அது தோணவே இல்லடா.

பீரோவுல உன் விரல் மாட்டினப்ப நான் சுவரைப் பாத்துக் கத்தினேன். அது இன்னும் உறுத்துது. நகம் எப்படி இருக்கு?

நீ வரலைன்னாலும் சாமான் எப்படியோ வந்து சேந்திருக்கும். அம்மா இப்படித் தூங்கியிருக்க மாட்டாங்க. தேங்க்ஸ்டா. இதுக்கும் போடான்னு சொல்லாத."

"நன்றி" என்று எழுதிப் பார்த்து "தேங்க்ஸ்" என்று மாற்றினேன். அவனிடம் என் வாயில் இயல்பாக வருவது அதுதான். கைமாறு பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்த மாதம் அவன் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போவது எனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன் என்று இதிலேயே எழுதியிருந்தால் பண்டமாற்று ஆகியிருக்கும். போய் நின்றால் போதும், காலண்டரில் குறித்துக்கொண்டேன். எங்கள் நண்பர்கள் குரூப்பில் போடலாமே என்று மனைவி கேட்டாள். வர முடியாமல் போன மூன்று பேர் அதில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் குத்தலாகப் படும். அவனுக்கும் எல்லார் முன்னாலும் கூச்சம்தான். தனியாகவே அனுப்பினேன்.

அவன் மனைவிக்கும் தனியாக ஒரு மெசேஜ் போட்டேன். இரண்டு நாள் லீவும் எங்கள் வீட்டில் போனதில் பிள்ளைகளை ஒற்றையாளாகச் சமாளித்தது அவர்தான். இது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. உண்மையில் அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நீல டிக் உடனே விழுந்தது. ஒரு மணி நேரம் பதில் இல்லை. ஏதாவது அதிகமாக எழுதிவிட்டோமோ என்று இரண்டு தடவை எடுத்துப் படித்தேன். அழித்துவிடலாமா என்றுகூட விரல் போனது. அப்புறம் வந்தது:

"உங்க பெரிய கட்டில்ல ஒரு போல்ட் கொறையுதுன்னு ஞாயித்துக்கிழமை தேடினோம்ல. என் பேன்ட் பாக்கெட்ல இருக்கு. சனிக்கிழமை எடுத்துட்டு வரேன், அப்படியே வாஷிங் மெஷினையும் மாட்டிடலாம். அம்மாவக் கேட்டேன்னு சொல்லு."