ஓடையின் மேல் போட்ட கோடு

கிருஷ்ணகிரி மாவட்டத்து நகரம் ஒன்றில் ஓடைப் புறம்போக்கில் ஒரு குடியிருப்பு. கிழக்குக் கரையில் 47 வீடு, மேற்குக் கரையில் 37 வீடு. நடுவில் இரண்டு சிமெண்ட் குழாய் போட்டு மண் கொட்டிய ஒரு நடைபாலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகக் கணக்கெடுப்பு பிளாக்குகளைப் பிரித்தபோது அந்த ஓடையையே எல்லையாக வைத்தார்கள். அந்த முடிவு சரிதானா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

முடிவு எடுத்த அலுவலரைக் குறை சொல்ல முடியாது. ஒரு பிளாக் என்றால் சுமார் 125 முதல் 150 குடும்பம், ஓர் ஆசிரியர் நடந்தே முடிக்கக்கூடிய அளவு. அதன் எல்லை சாலை, ஓடை, ரயில் பாதை என்று கண்ணால் பார்த்து அறியக்கூடியதாக இருக்க வேண்டும். இது நல்ல விதி. எல்லை மங்கலாக இருந்தால் இரு பக்கத்துக் கணக்கெடுப்பாளரும் 'அது அடுத்தவர் பகுதி' என்று விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் இருவருமே எழுதிவிடுவார்கள். ஓடையைவிடத் தெளிவான எல்லை அந்தப் பக்கத்தில் வேறு இல்லை.

சிக்கல் அடுத்த படியில் வந்தது. 2011 கணக்கெடுப்பு குடிசைப் பகுதியை மூன்று வகையாகப் பிரித்தது. சட்டப்படி அறிவிக்கப்பட்டவை ஒன்று. அறிவிக்கப்படாவிட்டாலும் அரசோ உள்ளாட்சியோ குடிசை மாற்று வாரியமோ அங்கீகரித்தவை இரண்டாவது. இரண்டிலும் இல்லாமல் களத்தில் அடையாளம் காணப்படுபவை மூன்றாவது. இந்த மூன்றாவது வகைக்கு ஓர் அளவு உண்டு: நெருக்கமாக, மோசமாகக் கட்டப்பட்ட, சுகாதாரமும் குடிநீரும் சரியில்லாத வீடுகள் ஒரே திரளாக இருக்க வேண்டும். அதில் குறைந்தது 300 பேர், அல்லது 60, 70 குடும்பங்கள் இருக்க வேண்டும். அந்தப் பகுதிக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பான சார்ஜ் ஆபீசர் நேரில் பார்த்து, மேலிருந்து நியமிக்கப்பட்ட அலுவலர் ஒருவரும் ஆய்வு செய்து, சார்ஜ் பதிவேட்டில் எழுத வேண்டும்.

வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 84 வீட்டுக்கு 336 பேர். குடிசைப் பகுதிதான், ஐயமில்லை. கோட்டை ஓடையின் மேல் போட்டவுடன் கிழக்கே 188, மேற்கே 148. இரண்டும் அளவுக்குக் கீழே. இரு துண்டும் தத்தம் பக்கத்துத் தெருக்களோடு சேர்ந்து சாதாரண பிளாக் ஆகிவிட்டன. வீடுகள் எண்ணப்பட்டன, ஆட்களும் எண்ணப்பட்டார்கள், ஒருவர்கூட விடுபடவில்லை. ஆனால் அட்டவணையில் அங்கே ஒரு குடிசைப் பகுதி இல்லை.

அங்கே குடியிருந்த ஒரு பெரியம்மாவிடம் எல்லையை விளக்கியபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அந்தாண்ட இருக்கறது என் தம்பி வூடு சார். ரெண்டும் ஒரே ஊருதான். தண்ணி லாரி ஒண்ணுதான் வருது." அலுவலர் பொறுமையாகவே பதில் சொன்னார்: "ஆள் கணக்கு விடாம வந்துடும்மா, அதுக்குத்தான் இந்தக் கோடு." இருவர் சொன்னதும் உண்மை. ஆட்களை விடாமல் எண்ணுவதற்கு நல்லதாக அமைந்த கோடு, ஓர் ஊரை ஊராக எண்ணுவதற்கு கெட்டதாக அமைந்துவிட்டது.

கோட்டை மேற்குக் கடைசி வீட்டுக்கு அப்பால் தள்ளி 84 வீட்டையும் ஒரே பிளாக்கில் அடக்கியிருக்கலாம் என்று நான் வாதிட்டேன். அதற்கும் விலை உண்டு. கடைசி வீட்டுக்குப் பின்னால் வயல் வரப்பும் முள்வேலியும்தான். ஓராண்டில் இன்னும் பத்து வீடு முளைத்தால் எல்லை எது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவர் செய்ததற்கு நியாயம் இருக்கிறது என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அதே படத்தை எடுத்துப் பார்த்தால், பதிவேட்டில் 'இரு பிளாக்கிலும் ஒரே குடியிருப்பு' என்று ஒரு வரி எழுதி, இரண்டையும் குடிசை பிளாக்காகக் குறித்திருக்க முடியாதா என்று தோன்றும். மேலிருந்து வரும் ஆய்வு அலுவலர் அதை ஏற்றிருப்பாரா என்பது வேறு விஷயம்.

60 என்ற எண் எல்லோருக்கும் பொதுவானதும் அல்ல. தேசிய மாதிரி ஆய்வு 2012இல் நடத்திய 69ஆவது சுற்றில் 20 குடும்பம் இருந்தாலே போதும். அதன்படி நம் ஓடையின் இரு கரையும் தனித்தனியாகவே தேறிவிடும். குடிசைப் பகுதிப் புள்ளிவிவரத்துக்காக அமைந்த பிரணாப் சென் தலைமையிலான குழு 2010இல் பரிந்துரைத்ததும் 20 ஒட்டிய அளவையே. ஐ.நா. வாழிட அமைப்போ திரளைப் பார்ப்பதே இல்லை, வீடு வீடாகப் பார்க்கிறது. உறுதியான கட்டடம், போதிய இடம், நல்ல குடிநீர், கழிப்பறை, குடியிருப்பு உரிமைப் பாதுகாப்பு ஆகிய ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அந்தக் குடும்பம் கணக்கில் வந்துவிடும்.

அப்படியானால் அளவு சிறிதாக உள்ள ஆய்வில் எண்ணிக்கை கூடத்தானே வேண்டும்? நடந்தது தலைகீழ். 2011 கணக்கெடுப்பு நாடு முழுவதும் சுமார் 1.37 கோடி குடிசைப் பகுதிக் குடும்பங்களைக் காட்டியது. மறு ஆண்டு வந்த மாதிரி ஆய்வு சுமார் 88 லட்சம் என்றது. முழுக் காரணத்தைப் பிரித்துச் சொல்வது எளிதல்ல. ஒன்று மட்டும் களத்தில் தெரியும்: சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதி, மாடி வீடுகள் எழுந்த பிறகும், அறிவிப்பு நீக்கப்படாதவரை பட்டியலில் நீடிக்கும். தமிழ்நாட்டின் 1971 குடிசைப் பகுதிச் சட்டத்தின் கீழ் சென்னையில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பெரும்பாலானவை அந்த ஆண்டே அறிவிக்கப்பட்டவை. 1985இல் சேர்ந்தவை 17 மட்டுமே. பழையவை போகாமலும் புதியவை வராமலும் இருக்கும் பட்டியல் ஒரே நேரத்தில் கூடவும் காட்டும், குறையவும் காட்டும்.

நம் பக்கத்தில் குறைவதற்கு இன்னொரு வழியும் இருந்தது. 2011இல் குடிசைப் பகுதி என்ற கேள்வியே சட்டப்படியான நகரங்களில் மட்டும்தான் எழுந்தது. நகராட்சி, பேரூராட்சி என்ற தகுதி இல்லாத இடம் எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும் அங்கே குடிசைப் பகுதி பூஜ்யம். நகர, ஊராட்சி எல்லைகள் 2009 டிசம்பர் 31 நிலவரப்படி உறையவைக்கப்பட்டன. ஓசூரோடு மூக்கண்டப்பள்ளி, சூசூவாடி போன்ற ஊராட்சிகள் இணைந்தது அதற்குப் பிறகு. சிப்காட் தொழிலாளர்கள் நிறைந்த லைன் வீடுகள் அங்கேதான். ஒரே வரிசையில் பத்துப் பன்னிரண்டு அறை, கடைசியில் பொதுக் கழிப்பறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். அந்தக் கூரையும் கணக்கெடுப்பில் 'நிலையான பொருள்' என்றே பதிவாகும். ஓர் அறையில் சேர்ந்து சமைக்கும் ஐந்து இளைஞர்களை ஒருவர் சாதாரணக் குடும்பமாக எழுதுவார், இன்னொருவர் விடுதி என்று நினைத்து நிறுவனக் குடும்பமாக எழுதுவார். பின்னதாக எழுதினால் வீட்டு வசதி அட்டவணைகளிலிருந்தே அந்த அறை போய்விடும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஓடைக்கரைக்காரர்கள் எல்லோரும் பட்டியலில் வர விரும்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடைக்காது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தனிச் சட்டமே 2007இல் வந்துவிட்டது. ஓடைக்கும் ஒரு நாள் வரும் என்ற பயம் அவர்களுக்கு. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு தனி நபர் பதிவைச் சாட்சியமாகக் காட்ட விடாது. ஆனால் ஒரு வார்டில் இத்தனை குடிசைக் குடும்பம் என்ற அட்டவணை வெளிப்படையானது. "எழுதாதீங்க, இடிச்சுருவாங்க" என்றவரும் உண்டு, "எழுதுனாத்தான் தொகுப்பு வீடு வரும்" என்றவரும் உண்டு. அவர்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்.

2027 கணக்கெடுப்புக்கு எல்லைகள் 2025 டிசம்பர் 31இல் உறைந்தன. ஓசூர் இப்போது மாநகராட்சி, இணைந்த ஊர்கள் உள்ளே வந்துவிட்டன. அந்தக் கேடு தீர்ந்தது. ஓடைப் பிரச்சினை தீரவில்லை. பிளாக் வரைபவர் கையில் பழைய படம் இருந்தால், கோடு மறுபடியும் ஓடை மேல்தான் விழும். நடைபாலம், தண்ணீர் லாரி நிற்கும் இடம், பொதுக் கழிப்பறை மூன்றையும் முதலில் குறித்துவிட்டு, யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டபின் கோடு போடுவதே சரி என்று இன்று நினைக்கிறேன். அப்படிப் போட்டால் மேற்குப் பக்க எல்லையில் புதிதாக வரும் வீடுகளை யார் எண்ணுவது என்று அந்த அலுவலர் அன்று கேட்டதற்கு, என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை.