ஏ பக்கம், பி பக்கம்

கிளவுட் கன்சோலில் ரீஜனைத் தேர்ந்தெடுப்பவருக்கு அது பட்டியலில் உள்ள ஒரு பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது டேட்டா சென்டர்களில் சர்வர்களை அடுக்கி, வரிசை வரிசையாக நிற்கும் ரேக்குகள். ஒரு ரேக் பொதுவாக 42யு உயரம். ஒரு யு என்றால் 44.45 மில்லிமீட்டர். வேலை தெரிந்தவர்கள் ரேக்குக்குள் எத்தனை சர்வர் அடங்கும் என்று முதலில் கேட்பதில்லை. எத்தனை ஆம்பியர் கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். இடம் மிச்சமிருக்கும்போதே கரண்ட் தீர்ந்துவிடும் என்பதே காரணம்.

ரேக்கின் பின்பக்கம் இடமும் வலமுமாக, ஆளுயரத்துக்கு, சர்வர்களுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் இரண்டு பிடியூ நிற்கும். ஒன்று ஏ, மற்றது பி. ஏ-க்கு வரும் கேபிளைப் பின்தொடர்ந்து போனால் ஒரு யுபிஎஸ்ஸில் முடியும். பி-யின் கேபிள் வேறொரு யுபிஎஸ்ஸில் முடிய வேண்டும். சர்வரிலும் பவர் சப்ளை இரண்டு. ஒன்றை ஏ-யிலும் மற்றதை பி-யிலும் செருகிவிட்டால் ஒரு பக்கம் போனாலும் சர்வர் ஓடும். வரைபடம் அப்படித்தான் சொல்கிறது. தவறு நடப்பது அந்த வரைபடத்தை நம்பி லோடு ஏற்றும்போது.

ஒவ்வொரு பிடியூவுக்கும் வருவது 230 வோல்ட், 32 ஆம்பியர், சிங்கிள் பேஸ் என்று வைத்துக்கொள்வோம். இரவு பகலாக ஓடும் லோடு என்பதால் பிரேக்கரின் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. அதாவது 25.6 ஆம்பியர், ஏறத்தாழ 5.9 கேவிஏ. இது ஒரு பக்கத்துக்கான கணக்கு அல்ல. இரண்டு பக்கமும் சேர்ந்து அவ்வளவுதான். ஏ விழுந்தால் மொத்த லோடும் பி-யின் தலையில் இறங்கும். ஆகவே சாதாரண நாளில் ஒவ்வொரு பக்கமும் 12.8 ஆம்பியர், அதாவது 40 சதவீதம், அதைத் தாண்டக் கூடாது.

நடப்பதோ வேறு. மானிட்டர் திரையில் ஏ 22 ஆம்பியர், பி 22 ஆம்பியர். இரண்டுமே 70 சதவீதத்துக்குள் இருப்பதால் பச்சை நிறம். இன்னும் இடம் இருக்கிறது என்று மேலும் ஒரு சர்வரை மாட்டுகிறார்கள். பிறகு ஒரு நாள் யுபிஎஸ் பராமரிப்புக்காக ஏ-யை அணைக்கிறார்கள். பி-யின் 32 ஆம்பியர் பிரேக்கரில் 44 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது.

பிரேக்கர் உடனே விழாது என்பதுதான் இதில் ஏமாற்றுகிற இடம். எம்சிபி எனப்படும் இந்தப் பிரேக்கருக்குள் இரண்டு அமைப்புகள் உண்டு. ஷார்ட் சர்க்யூட் வந்தால் காந்தச் சுருள் நொடியில் துண்டிக்கும். கொஞ்சம் கூடுதலான லோடைக் கவனிப்பது சூட்டில் வளையும் ஓர் ஈருலோகத் தகடு. தர விதிப்படி 1.13 மடங்கு கரண்டை அது ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், 1.45 மடங்கு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். நம்முடைய 44 ஆம்பியர் 1.37 மடங்கு, இரண்டுக்கும் நடுவில். ஏ-யை அணைத்து, பத்து நிமிடம் பார்த்து, எல்லாம் ஓடுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போன பிறகுகூட அது விழலாம். பக்கத்துப் பிரேக்கர்களும் அதே நேரத்தில் சூடாகியிருந்தால் இன்னும் முன்னதாகவே விழும். ஒரே வரிசையில் ரேக்குகள் ஆளுக்கொரு நேரத்தில் அணைந்தால், காரணம் பெரும்பாலும் இதுவே.

இன்னொரு பிழை இதைவிடச் சின்னது: ஒரு சர்வரின் இரண்டு பவர் கேபிள்களும் ஒரே பிடியூவில். ஏ-க்கு ஒரு நிறம், பி-க்கு ஒரு நிறம் என்று கேபிள் வாங்கினால் கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஆனாலும் ரேக்கை ஒப்படைக்கும் முன் ஏ-யை முழுவதும் அணைத்துப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. அணைத்த பின் ஒவ்வொரு சர்வரிலும் இதை ஓட்ட வேண்டும்:

```
ipmitool sdr type "Power Supply"
```

ஒரு பவர் சப்ளை உள்ளீட்டை இழந்ததாகவும் மற்றது நலமாகவும் வந்தால் சரி. இரண்டுமே நலம் என்று வந்தால் அந்தச் சர்வரின் இரண்டு கேபிள்களும் பி-யில் இருக்கின்றன. பதிலே வராத சர்வருக்கு இரண்டும் ஏ-யில் இருந்திருக்கின்றன. பி-யில் ஓடும் கரண்டையும் கிளாம்ப் மீட்டரில் ஒரு மணி நேரமாவது கவனிக்க வேண்டும். பிறகு ஏ-யைக் கொடுத்து, பி-யை அணைத்து, மறுபடி முதலிலிருந்து.

கரண்டாக உள்ளே போனதெல்லாம் சூடாக வெளியே வரும். 5.9 கிலோவாட் போனால் 5.9 கிலோவாட் சூடு. சர்வருக்குள் நுழையும் காற்றைவிட வெளியேறும் காற்று 12 டிகிரி கூடுதல் என்று கொண்டால், ஒரு கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் 250 கனமீட்டர் காற்று வேண்டும். இந்த ரேக்குக்கு ஏறத்தாழ 1,500. முன்பக்கம் குளிர்ந்த நடை, பின்பக்கம் சூடான நடை என்று பிரித்து, நுழையும் காற்றை 18-இலிருந்து 27 டிகிரிக்குள் வைப்பது வழக்கம். காலியான யு-க்களை வெற்றுத் தகடு போட்டு மூடாவிட்டால் பின்பக்கச் சூடு அந்தச் சந்து வழியாக முன்னால் வந்து, சர்வர் விட்ட மூச்சையே மறுபடி இழுக்கும். பெரிய ஏசி வாங்க ஓடுவதற்கு முன் இந்தத் தகடுகளைப் பார்ப்பது நல்லது.

தகடெல்லாம் ஒழுங்காக இருந்தும் ஒரு கருவி மட்டும் சூடாகும். அது ரேக்கின் உச்சியில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்ச். சர்வர்களின் கேபிள் துளைகள் பின்பக்கம் இருப்பதால், சுவிட்சையும் போர்ட்டுகள் பின்னோக்கி இருக்கும்படி மாட்டுகிறார்கள். அப்படியானால் காற்று மின்விசிறிப் பக்கம் நுழைந்து போர்ட் பக்கம் வெளியேற வேண்டும். ஒரே மாடல் இரண்டு திசைகளிலும் விற்கப்படுகிறது. ஆர்டர் எண்ணில் ஓரெழுத்துதான் வித்தியாசம். மாறி வந்துவிட்டால் சுவிட்ச் சூடான நடையிலிருந்தே காற்றை இழுக்கும். சர்வர்களின் நுழைவு வெப்பம் 24 காட்ட, சுவிட்ச் மட்டும் 38, 40 காட்டினால் சந்தேகமே வேண்டாம். விசிறிகளை மட்டும் மாற்றினால் போதாது, பவர் சப்ளைக்கும் திசை உண்டு. இரண்டும் எதிரெதிராக இருந்தால் ஒன்றின் காற்றை மற்றொன்று தடுக்கும். பல சுவிட்சுகள் அதற்கே அலாரம் அடிக்கும்.

சுவிட்சும் இரண்டு, ஒவ்வொரு சர்வரும் இரண்டுடனும் இணைந்திருக்கும். மேலே போகும் ஃபைபரைச் செருகும் முன் முனையை ஆய்வு நுண்ணோக்கியில் பார்ப்பதைப் பலர் தவிர்க்கிறார்கள். புதிய பையைப் பிரித்து எடுத்த கேபிளிலும் தூசி இருக்கும். லிங்க் பச்சையாகத்தான் எரியும். பிழை எண்ணிக்கை மட்டும் மெல்ல ஏறும். தூசியோடு செருகினால் எதிர்முனையும் அழுக்காகிவிடும், பிறகு சுத்தம் செய்ய வேண்டியவை இரண்டு.

கட்டடத்துக்கு வெளியே இந்த ஏ-பி கணக்கு இன்னும் தளர்ந்துவிடுகிறது. இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் வாங்கி, இரண்டு தனி அறைகள் வழியாக உள்ளே கொண்டுவந்திருப்பார்கள். இரண்டாவது நிறுவனமோ முதல் நிறுவனத்தின் குழாயிலேயே இடத்தை வாடகைக்கு எடுத்திருக்கும். தோண்டும் இயந்திரம் ஒரு முறை மண்ணைக் கிளறினால் இரண்டும் போகும். அதனால் வழித்தட வரைபடத்தை இருவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு, கோடுகள் நெருங்கிவரும் இடங்களில் தெருவோர மேன்ஹோல் மூடிகளை ஆளை வைத்துத் திறந்து பார்க்கிறார்கள். உள்ளே இரண்டு நிறுவனங்களின் பெயர்ச்சீட்டும் ஒரே குழாயிலிருந்து வெளியே வரும் கேபிள்களில் தொங்கினால், ஒப்பந்தம் மறுபடி மேசைக்கு வரும்.