எழுபத்தெட்டுக்குக் கீழே இல்லை, ஆனால் அறுபத்தெட்டு சதவீதம்

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்து கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் தயாரிக்கும் வேலை அந்த வருடம் என்னிடம் வந்தது. 42 பிள்ளைகள், ஐந்து பாடம், மொத்தம் 500. பாட ஆசிரியர்கள் மதிப்பெண்ணைத் தருவார்கள், அலுவலக உதவியாளர் எக்செலில் ஏற்றுவார், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கு வாத்தியார் என்பதால் என் தலையில் கட்டினார்கள்.

எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். கீழ்நோக்கிக் கூட்டிய ஐந்து பாட மொத்தங்களின் கூட்டுத்தொகையும், பக்கவாட்டில் கூட்டிய 42 பேரின் மொத்தங்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வர வேண்டும். பேரேடு காலத்திலிருந்து எல்லோரும் செய்வது. அன்றைக்கும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. சரி, முடிந்தது என்று பிரிண்ட் எடுத்து ஸ்டாஃப் ரூம் மேசையில் வைத்தேன்.

தமிழாசிரியர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. கம்ப்யூட்டர் பக்கம் போக மாட்டார். டீ குடித்துக்கொண்டே தாளைப் புரட்டியவர், “இந்தப் பொண்ணு எல்லாத்துலயும் எழுபத்தெட்டும் அதுக்கு மேலயும்தானே வாங்கியிருக்கு, அப்புறம் எப்படி சார் அறுபத்தெட்டு சதவீதம்?” என்றார்.

தமிழ் 88, ஆங்கிலம் 81, கணிதம் 94, அறிவியல் 78, சமூக அறிவியல் 79. மனதிலேயே கூட்டினால் 420, அதாவது 84 சதவீதம். தாளில் இருந்தது 342. வித்தியாசம் சரியாக 78. அறிவியல் மதிப்பெண் கட்டத்தில் இருக்கிறது, மொத்தத்தில் இல்லை.

அறிவியல் ஆசிரியை மதிப்பெண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். உதவியாளர் அதை அப்படியே காப்பி செய்து ஒட்டியிருக்கிறார். அந்த ஓர் எண்ணின் பின்னால் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. `=LEN(F19)` என்று கேட்டால் 3 என்றது. 78-க்கு இரண்டு எழுத்துதானே இருக்க வேண்டும்? நமக்கு அது எண், எக்செலுக்கு அது வெறும் எழுத்து. `SUM` எழுத்தைக் கண்டால் பிழை என்று கத்தாது, பேசாமல் தாண்டிப் போய்விடும்.

என் குறுக்குச் சோதனை ஏன் பிடிக்கவில்லை என்பது அன்று ராத்திரிதான் உறைத்தது. பக்கவாட்டுக் கூட்டலிலும் `SUM`, கீழ்நோக்கிய கூட்டலிலும் `SUM`. இரண்டும் அந்த 78-ஐத் தாண்டின. இரண்டிலும் 78 குறைந்தால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? கையால் கூட்டிய காலத்தில் இரண்டு கூட்டலையும் தனித்தனியாக மனிதர் செய்தார், அதனால் அந்தச் சோதனைக்கு மதிப்பு இருந்தது. உண்மையில் நான் ஒப்பிட்டிருக்க வேண்டியது, அறிவியல் ஆசிரியை தன் மார்க் லிஸ்டின் அடியில் பேனாவால் எழுதி வைத்திருந்த மொத்தத்தோடு. அதில் 78 கூடுதலாகவே இருந்தது.

ஒரு கட்டம் கெட்டதால் ஒரு பிள்ளைக்குத்தான் பாதிப்பு என்று நினைத்தேன். அதுவும் தப்பு. அவள் ஆறாவது ரேங்க்; தாளில் பதினேழாவது. நடுவில் இருந்த பதினோரு பேரும் ஆளுக்கு ஒரு படி மேலே ஏறியிருந்தார்கள். ஆக மொத்தம் பன்னிரண்டு ரேங்க் தப்பு, அதில் பதினோரு பேரின் மதிப்பெண்ணில் ஒரு குறையும் கிடையாது. ரேங்க் பட்டியலை மட்டும் பார்த்தால் 1, 2, 3 என்று ஒழுங்காகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு ஷீட்டின் ஓரத்தில் இரண்டு சோதனைகள் நிரந்தரமாக உட்கார்ந்தன.

```
=COUNT(F5:F46)+COUNTIF(F5:F46,"AB")
=AND(I19>=MIN(C19:G19), I19<=MAX(C19:G19))
```

முதலாவது ஒவ்வொரு பாடத்துக்கும். எண்ணாக இருப்பவையும் ஆப்சென்ட்டும் சேர்ந்து 42 வர வேண்டும். அன்று அறிவியலில் 41 வந்திருக்கும். இரண்டாவது தமிழாசிரியர் கண்ணால் செய்தது: எல்லாப் பாடமும் நூற்றுக்கு என்றால், சதவீதம் அந்தப் பிள்ளையின் மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போகவே முடியாது. இதற்கும் எல்லை உண்டு. 35-லிருந்து 95 வரை சிதறி வாங்கிய பிள்ளையிடம் ஒரு பாடம் விடுபட்டாலும் சதவீதம் அந்த இடைவெளிக்குள்ளேயே விழுந்து தப்பித்துவிடும். 67-ஐ 76 என்று மாற்றி அடித்திருந்தால் இரண்டு சோதனையுமே வாய் திறக்காது. அதற்குப் பேனா மொத்தம்தான் கதி. பேனா மொத்தத்துக்கும் ஷீட் மொத்தத்துக்கும் வித்தியாசம் 9 அல்லது 18, 27 என்று ஒன்பதின் மடங்காக வந்தால், இலக்கம் இடம் மாறிய எண்ணைத்தான் முதலில் தேடுவேன்.

ஆண்டு இறுதியில் இன்னொன்று வந்தது. எங்கள் பள்ளியில் காலாண்டுக்கு 20, அரையாண்டுக்கு 30, முழு ஆண்டுக்கு 50 என்று எடை வைத்துச் சராசரி எடுப்போம். அரையாண்டு நேரத்தில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு பையனுக்குக் கணிதத்தில் காலாண்டு 72, அரையாண்டு AB, முழு ஆண்டு 80. ஷீட் 54.4 என்றது. வாங்கிய குறைந்த மதிப்பெண்ணே 72, சராசரி 54 எப்படி? அதே கேள்விதான். 72-ஐ 20-ஆலும் 80-ஐ 50-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 5440. அதை 100-ஆல் வகுத்திருக்கிறது. எழுதிய தேர்வுகளின் எடை 70 மட்டுமே, அதனால் வகுக்க வேண்டியதும் 70. விடை 77.71. ஹெச்.எம். ஒப்புதலோடு வகுக்கும் எண்ணை இப்படி மாற்றினோம்.

```
=SUMPRODUCT(C5:E5,C$2:E$2)/SUMPRODUCT(ISNUMBER(C5:E5)*C$2:E$2)
```

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இனி எழுத்தாக ஒட்டிய மதிப்பெண் எதையும் இந்த ஃபார்முலா ஆப்சென்ட் போலவே நடத்தும், சராசரியும் நம்பும்படியாக நடுவில் விழும். முன்பு 54.4 என்று அசிங்கமாகத் தெரிந்த தப்பு இப்போது அழகாக ஒளிந்துகொள்ளும். அதனால் `COUNT` சோதனை 42 காட்டாமல் சராசரி ஷீட்டைத் திறக்கவே கூடாது என்று வைத்திருக்கிறேன்.

அரையாண்டின் திருத்திய ரேங்க் கார்டு போன பிறகு, அறிவியல் 78 விடுபட்ட அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். நன்றி சொல்ல வரவில்லை. “கூடப் படிக்கிற ஒரு பையனுக்கும் எண்பத்தி நாலு, எம் பொண்ணுக்கும் எண்பத்தி நாலு. அவன் அஞ்சாவது, இவ ஆறாவதா சார்?” அவன் 421, அதாவது 84.2. இவள் 420. கார்டில் தசமம் காட்டாததால் இரண்டும் 84. ரேங்க் மொத்தத்தை வைத்து எடுத்தது, அதனால் அது சரி. விளக்கியதும் ஒப்புக்கொண்டார், முகம் மட்டும் தெளியவில்லை. அடுத்த தேர்விலிருந்து சதவீதத்தை இரண்டு தசமத்தோடு அச்சிட்டோம்.

உதவியாளரோடு ஒரு சின்ன மனத்தாங்கல் மட்டும் இன்னும் மிச்சம். எக்செல் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் ஒதுக்கி வைக்கும். அந்த 78 இடப்பக்கம் ஒதுங்கி நின்று சைகை காட்டியிருக்கும், அவர் அழகுக்காக எல்லாக் கட்டத்தையும் நடுவாக்கியிருக்காவிட்டால். இப்போது மதிப்பெண் கட்டங்களை நடுவாக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பார்க்க நல்லாவே இல்லை சார் என்று ஒவ்வொரு தேர்வுக்கும் சொல்கிறார்.