எதற்கென்று தெரியாத மீட்டிங்

அஜெண்டா இல்லாத மீட்டிங் என்றாலே எல்லோரும் நேரம் வீணாவதைப் பற்றித்தான் புலம்புவார்கள். வீணாவது உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை அதைவிடப் பெரிய தொல்லை வேறு: எதற்கு மீட்டிங் என்று எழுதாதபோது, தேவையில்லாத எட்டுப் பேர் வந்து உட்காருகிறார்கள், தேவையான ஒருவர் வருவதே இல்லை.

நான் சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில், அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கும் சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றின் டேட்டாவைப் பார்த்துக்கொள்கிறேன். அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6:30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு அதே மீட்டிங் 7:30-க்குப் போய்விடும். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வரும் அழைப்பு என்பதால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் கூர்ந்தே பார்ப்பேன்.

ஒருமுறை எங்கள் மேனேஜரிடமிருந்து அப்படி ஒன்று வந்தது. தலைப்பு `Quick Sync`. ஒரு மணி நேரம், எட்டுப் பேர். உள்ளே டீம்ஸ் இணைப்பைத் தவிர ஒரு எழுத்து இல்லை. சாட்டில் அவருக்கு இப்படிப் போட்டேன்: “செவ்வாய்க்கிழமை மீட்டிங் அழைப்பு பார்த்தேங்க. எதைப் பத்திப் பேசப்போறோம்னு ஒரு வரி சொன்னீங்கன்னா, தேவையான டேட்டாவை எடுத்து வெச்சுக்கறேன். எனக்குப் பதிலா வேற யாராவது வந்தா சரியா இருக்கும்னாலும் சொல்லிடறேன்.”

“இது எதுக்கு?” என்று கேட்டால் கணக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். என்ன தயார் செய்ய வேண்டும் என்று கேட்டால் யாருக்கும் கோபம் வராது, கேட்க வேண்டியதும் கேட்டாகிவிடும். எட்டுப் பேரும் பார்க்கும் இடத்தில் கேட்காமல், அழைத்தவரிடம் மட்டும் கேட்பதும் முக்கியம். நாலு பேர் முன்னால் கேட்டால் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அது குத்தல்தான்.

பதில் வரவில்லை. மேனேஜர்களுக்கு சாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வருமோ, பாவம். திங்கள் மதியம் வரை பார்த்துவிட்டு அழைப்பை மறுத்தேன்.

அவுட்லுக்கில் மறுப்பதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாக, `Decline` அழுத்தியதும் அந்த மீட்டிங் நம் காலண்டரிலிருந்து போய்விடும். பிறகு நோக்கம் தெரிந்து போக நினைத்தால், `Deleted Items`-இல் தேட வேண்டும், இல்லையென்றால் அவர் திரும்ப அனுப்ப வேண்டும். அதனால்தான் முதலில் கேள்வி, மறுப்பு கடைசியில். அதோடு, வெறுமனே மறுத்து அனுப்பாமல், பதிலைத் திருத்தி அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுத்து ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும். அது அழைத்தவருக்கு மட்டும்தான் போகும். நான் எழுதியது இதுதான்: “நாளை என்னிடமிருந்து என்ன தேவை என்று தெரியாததால், இப்போதைக்கு வரவில்லை என்று குறித்திருக்கிறேன். என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று தெரிந்தால் கட்டாயம் வருகிறேன். மெயிலிலேயே முடிகிற விஷயம் என்றால் இன்றே பதில் அனுப்பிவிடுகிறேன்.”

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “என்னங்க, டிக்ளைன் பண்ணிட்டீங்க?” குரலில் லேசான எரிச்சல். என்ன விஷயம் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, “கிளையன்ட் டைரக்டர் நம்பர் ஒத்துப்போகலன்னு சொன்னாரு. எந்த நம்பர்னு நானும் கேக்கல. அதான் எல்லாரையும் கூப்பிட்டுட்டேன்” என்றார்.

அழைப்பில் அவர் எதுவும் எழுதாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. அவருக்கே தெரியாது. யாருக்குச் சம்பந்தம் என்று தெரியாததால் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். வெறுமையாக வரும் அழைப்புகளில் பாதி இந்த ரகம்தான் என்பது என் எண்ணம்.

அன்று மாலையே அவர் கிளையன்டிடம் கேட்டுச் சொன்னார்: எங்கள் தினசரி விற்பனை அறிக்கையின் மொத்தமும், அவர்கள் நிதிப் பிரிவின் மொத்தமும் ஒரே தேதிக்கு வேறாக வருகின்றன. வாரக் கணக்கில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. இந்த இரண்டு வரி போதுமாக இருந்தது. தினக் கணக்கு இடித்து வாரக் கணக்கு ஏறக்குறைய சரியாக இருந்தால், பில் எதுவும் தொலையவில்லை, தேதி மாறி விழுகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் டேபிளில் நேரம் UTC என்கிற உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது. கோடைக் கணக்கில், நியூயார்க்கில் இரவு 8 மணி ஆகும்போதே UTC-யில் நள்ளிரவு. அதற்குப் பிறகு போட்ட பில்லெல்லாம் எங்கள் அறிக்கையில் மறுநாள் விற்பனை ஆகிவிடும். நிதிப் பிரிவோ கடைக் கடிகாரத்தைப் பார்க்கிறது. அப்படியென்றால் ஒரு தேதியின் வித்தியாசம், அன்று இரவு 8 மணிக்குப் பிந்தைய விற்பனையிலிருந்து முந்தின நாள் இரவு விற்பனையைக் கழித்தால் வருகிற தொகையாக இருக்க வேண்டும். ஒரு தேதியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. நான்கு மணி நேரத்தைக் கழித்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் குளிர்காலத்தில் அது ஐந்து மணி நேரம் ஆகிவிடும் என்பதால், `America/New_York` என்று நேர மண்டலத்தின் பெயரைக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

இதுவரைக்கும் மீட்டிங்கே தேவையில்லை, ஒரு மெயில் போதும். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இனிமேல் எந்தத் தேதியை வைத்துக்கொள்வது? பழைய அறிக்கையை வைத்தே அவர்களுடைய மார்க்கெட்டிங் பிரிவு கணக்குப் போட்டு வந்திருக்கிறது. மாற்றினால் அவர்களுடைய பழைய ஒப்பீடுகள் இடிக்கும். அதை முடிவு செய்ய வேண்டியவர் கிளையன்டின் நிதிப் பிரிவில் இருக்கிறார், அந்த எட்டுப் பேரில் அவர் இல்லை. டெஸ்டிங் செய்கிறவர், சர்வர் பார்க்கிறவர் எல்லோரும் இருந்தார்கள்.

மேனேஜர் பழையதை ரத்து செய்துவிட்டு, அந்த நிதி அதிகாரி, டைரக்டர், அவர், நான் என்று அரை மணி நேரத்துக்குப் புதிய அழைப்பு அனுப்பினார். விற்பனைத் தேதி UTC-யா, கடை நேரமா என்ற கேள்வியே தலைப்பு. கடை நேரம் என்று முடிவாகி, அரை மணிக்கு முன்னாலேயே கலைந்தோம்.

இதைக் கேட்டுவிட்டு டீமில் இருக்கும் ஒரு தம்பி, “நீங்க சீனியர், உங்களுக்குச் செல்லும்ணா. நான் பண்ணினா?” என்றான். நியாயமான கேள்வி. அவன் அதற்கு முன் ஒரு அழைப்பைக் குறிப்பு எதுவும் எழுதாமல் மறுத்து, புகார் லீட் வரைக்கும் போயிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, `Tentative` போட்டு வைப்பது நல்லது. மறுக்கிற வேலையை லீடிடம் விடலாம். கிளையன்ட் நேரடியாக அழைத்திருந்தாலும் மேனேஜர் வழியாகக் கேட்பதுதான் முறை.

கேட்கவே கூடாத இடங்களும் உண்டு. புரொடக்‌ஷன் விழுந்து, அதைச் சரிசெய்ய எல்லோரையும் ஒரே இணைப்பில் சேர்க்கும் பிரிட்ஜ் கால் போட்டிருக்கும்போது நோக்கம் கேட்பவன் நிறைய திட்டு வாங்குவான். மேலதிகாரி நம்மை மட்டும் தனியாகக் கூப்பிடும் அழைப்பு வேண்டுமென்றேகூட வெறுமையாக இருக்கலாம். அப்ரைசலோ, வேறு யாரைப் பற்றிய பேச்சோ, எழுத்தில் வைக்க முடியாத ஏதோ ஒன்று. அங்கே “ஏதாவது எடுத்துட்டு வரணுமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட வேண்டியதுதான்.

எங்கள் மேனேஜர் இன்னமும் அழைப்புகளில் எதுவும் எழுதுவதில்லை. அனுப்பிய கையோடு எனக்கு மட்டும் சாட்டில் ஒரு வரி விஷயம் போட்டுவிடுகிறார். அதையே அழைப்பில் ஒட்டிவிடுங்கள் என்று சொல்லியும் பார்த்துவிட்டேன்.