வெள்ளி என்ற ஒரு சொல்: டாபிக் மாடலிங் ப்ராஜெக்ட்டில் நான் கற்றது

முதுகலை ப்ராஜெக்ட்டுக்காக சேலம் வட்டாரச் செய்திகள் 640 சேர்த்து, செய்திகளில் சேர்ந்து வரும் சொற்களைத் தானாகவே டாபிக்குகளாகத் தொகுக்கும் எல்.டி.ஏ. முறையில் 10 டாபிக்குகள் எடுத்தேன். அதில் ஒன்றின் முதல் ஐந்து சொற்கள்: வெள்ளி, கொலுசு, பட்டறை, அம்மன், பக்தர்கள்.

பார்த்ததும் 'கோவிலுக்கு வெள்ளிக் காணிக்கை' என்று பெயர் வைத்துவிட்டேன். வைவாவுக்கு முந்தைய ரிவ்யூவில் மேடம் கேட்டது ஒரே கேள்வி: "அந்தச் செய்திகளைத் திறந்து படிச்சியாம்மா?" படிக்கவில்லை. அன்றிரவு இந்த டாபிக்கின் பங்கு அதிகமாக உள்ள பத்துச் செய்திகளைப் படித்தேன். ஆறு, செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளைப் பற்றியவை. நான்கு, ஆடி வெள்ளிக்குக் கோட்டை மாரியம்மன் கோவிலில் கூடிய கூட்டம். காணிக்கைச் செய்தி ஒன்றுகூட இல்லை. உலோகமும் கிழமையும் ஒரே சொல்லாக இருந்ததால் இரண்டு கதைகள் ஒட்டிக்கொண்டன. இல்லாத மூன்றாவது கதையைக் கட்டியது நான்தான்.

ஒரு டாபிக்கின் முதல் சொற்கள் எவ்வளவு சேர்ந்து வருகின்றன என்று ஜோடி ஜோடியாக அளப்பது ஒத்திசைவு மதிப்பெண். அது இதைக் காட்டிக்கொடுக்காததற்குக் காரணம் உண்டு. ஐந்து சொற்களில் பத்து ஜோடிகள். 'வெள்ளி' மற்ற நான்கோடும் சேர்ந்து வருகிறது. கொலுசு–பட்டறை, அம்மன்–பக்தர்கள் ஜோடிகளும் நன்றாகச் சேர்கின்றன. ஆக ஆறு ஜோடிகள் சரி. கொலுசு–அம்மன், பட்டறை–பக்தர்கள் போன்ற நான்கு மட்டும்தான் சறுக்குகின்றன. மதிப்பெண் சராசரி என்பதால் அந்த நான்கும் மறைந்துபோயின. அதனால் சராசரியோடு நிற்காமல், மிகக் குறைந்த மதிப்புள்ள ஜோடிகளை எடுத்துப் பாருங்கள். ஒரு சொல்லை நீக்கினால் பட்டியல் இரண்டாகப் பிளக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு விடுதித் தோழிகள் எட்டுப் பேரிடம் சோதித்தேன். டாபிக்கின் ஐந்து சொற்களோடு, அதில் மிக அரிதாகவும் வேறொரு டாபிக்கில் முன்னணியிலும் இருக்கும் ஒரு சொல்லைக் கலந்து, வரிசையைக் குலைத்து, "எது சேரவில்லை?" என்று கேட்க வேண்டும். டாபிக்கின் பெயரை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர்களும் கதை கட்டுவார்கள். மரவள்ளி, கிழங்கு, ஜவ்வரிசி, ஆலை, மாவு என்ற பட்டியலில் நுழைத்த 'படகு' சொல்லை எட்டுப் பேரும் பிடித்தார்கள். வெள்ளிப் பட்டியலிலும் அதே 'படகு'தான். மூன்று பேர்தான் பிடித்தார்கள். மற்றவர்கள் அம்மன், பட்டறை என்று சிதறினார்கள்.

இன்னொரு டாபிக்கில் ஏற்காடு, ஏற்காட்டில், ஏற்காட்டுக்கு என்று ஒரே ஊர் மூன்று இடம் பிடித்திருந்தது. பார்க்க ஒத்திசைவாகத் தெரியும். சொல்லும் செய்தி ஒன்றுதான். தமிழில் வேற்றுமை உருபுகளைப் பிரித்து, வேர்ச்சொல்லாக்கிய பிறகே மாடலை ஓட்டுங்கள்.

டாபிக் எண்ணிக்கையை 14 ஆக்கியதும் கொலுசும் கோவிலும் பிரிந்தன. இரண்டு பட்டியலிலும் 'வெள்ளி' இருந்தது. வைவாவில், "ஒரே சொல் இரண்டில் வருவது பிழையில்லையா?" என்று கேட்டார்கள். எல்.டி.ஏ. சொல்லுக்கு டாபிக் ஒதுக்குவதில்லை, அந்தச் சொல் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக ஒதுக்குகிறது என்று விளக்கினேன். 'கூறினார், நேற்று, தெரிவித்தார்' என்றிருந்த ஒரு டாபிக்கைப் பெயரிடாமலேயே அறிக்கையில் விட்டிருந்தேன். அதற்கு ஏன் பெயரில்லை என்று யாரும் கேட்கவில்லை.