காவடித் தொண்டர்களுக்கு 50 டி-ஷர்ட்: விலை எங்கே ஏறுகிறது?

தைப்பூசக் காவடிக்குக் கோயில் தொண்டர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போடலாம் என்று கமிட்டியில் முடிவானதும், அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனில் டி-ஷர்ட் அச்சடிக்கிற கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் "ஒரு சட்டைக்கு எவ்வளவு?" என்று கேட்டால் யாரும் நேராக ஒரு விலை சொல்வதில்லை. எத்தனை சட்டை, எத்தனை கலர், முன்னால் மட்டுமா பின்னாலும் உண்டா என்று திருப்பிக் கேட்கிறார்கள். முதலில் எனக்கு அது மழுப்பலாகத்தான் பட்டது. கொட்டேஷன் கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்விகளில்தான் மொத்த விலையும் இருக்கிறது என்று புரிந்தது.

எங்களுக்கு 44 சட்டை வேண்டும். கோயில் பையன் ஒருவன் அழகாக வரைந்து கொடுத்திருந்தான்: அரக்குச் சிவப்புச் சட்டை, நெஞ்சில் மஞ்சள் வேல், அதைச் சுற்றி நீலமும் பச்சையுமாக மயில் தோகை, கீழே ஆரஞ்சு எழுத்தில் கோயில் பெயர். முதுகில் வெள்ளையில் 'தொண்டர்' என்று ஒரே சொல். என் கணக்குப்படி முன்னால் நாலு கலர், பின்னால் ஒன்று. கடைக்காரர் கணக்கில் அது ஆறு.

அந்த ஆறாவது எங்கிருந்து வந்தது? ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலருக்கும் தனியாக ஒரு ஸ்கிரீன் வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையில் மருந்து பூசி, படத்தின் அந்தக் கலர்ப் பகுதியை மட்டும் திறந்து விடுவார்கள். இங்க் அந்தத் திறப்பு வழியாகத்தான் துணியில் இறங்கும். அரக்குத் துணி மேல் மஞ்சளை நேராக அடித்தால் அது மஞ்சளாக நிற்காது, சேற்று நிறத்துக்குப் போய்விடும். அதனால் முதலில் வெள்ளையை ஒரு படுகையாக அடித்து, மேலே ஹீட்டரைக் காட்டி லேசாகக் காயவைத்து, அதற்கு மேல்தான் மற்ற கலர்களை ஏற்ற வேண்டும். இதை அண்டர்பேஸ் என்கிறார்கள். நம் கண்ணுக்கு அது தெரியாது, பில்லில் தெரியும். அதற்கும் ஒரு ஸ்கிரீன், ஒரு கலர் கூலி.

அந்தக் கடையின் விலைப்பட்டியல் இப்படி. சட்டை, சாதாரணக் காட்டன், 55 ரேண்ட். ஸ்கிரீன் ஒன்றுக்கு செட்டப் 250 ரேண்ட். 25 சட்டை அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அதே 250தான். அச்சுக்கூலி எண்ணிக்கையைப் பொறுத்தது. 25 முதல் 49 சட்டை வரை முதல் கலருக்கு 22 ரேண்ட், கூடுகிற ஒவ்வொரு கலருக்கும் 9. 50 தொட்டுவிட்டால் அது 17, 7 என்று இறங்கும். 25க்குக் கீழே ஆர்டர் எடுப்பதில்லை. இதெல்லாம் 15 சதவீத வாட் சேர்க்காத விலை. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வாட் சேர்த்து ஒரு கடை, சேர்க்காமல் ஒரு கடை என்று கொட்டேஷன் தரும்போது, பார்த்ததும் மலிவாகத் தெரிவது மலிவாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இதை எங்கள் டிசைனில் போட்டுப் பார்த்தேன். முன்பக்கம் ஐந்து கலர், அதாவது 22ம் நாலு 9ம் சேர்ந்து 58. முதுகுக்கு இன்னொரு 22, ஏனென்றால் பின்பக்கத்தைத் தனி வேலையாகத்தான் கணக்கிடுகிறார்கள். சட்டை விலை 55 சேர்த்தால் ஒன்றுக்கு 135, 44க்கு 5940. ஆறு ஸ்கிரீனுக்கு 1500. ஆக 7440, வாட்டோடு 8556 ரேண்ட். சட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 194 ரேண்ட். கணக்குப் பார்க்கிற அக்காவிடம் காட்டினேன். "தம்பி, இதுல அன்னதானத்துக்கு எத்தனை மூட்டை அரிசி வாங்கலாம் தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

அப்புறம் வேறொரு கடையில் டி.டி.எஃப். முறையில் கேட்டுப் பார்த்தேன். படத்தை ஒரு ஃபிலிமில் அச்சடித்து, பசைத்தூள் தூவி, சூடான பிரஸ்ஸில் வைத்துச் சட்டையில் ஒட்டுகிற முறை. ஸ்கிரீன் கிடையாது, செட்டப் கிடையாது, ஒரே ஒரு சட்டை என்றாலும் செய்வார்கள், எத்தனை கலர் இருந்தாலும் விலை ஒன்றுதான். படத்தின் அளவை வைத்துத்தான் விலை. முன்பக்கமும் முதுகும் சேர்த்து 115 ரேண்ட் சொன்னார்கள். சட்டையோடு 170, 44க்கு 7480. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வந்த 7440க்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை! எங்கள் ஐந்து கலர் டிசைனுக்கு 43 சட்டைப் பக்கம்தான் இரண்டு முறையும் சமமாகிற இடம். அதற்குக் கீழே டி.டி.எஃப். லாபம், மேலே போகப் போக ஸ்கிரீன் லாபம். நாங்கள் சரியாக நடு வரப்பில் நின்றுகொண்டிருந்தோம்.

பத்துப் பதினைந்து சட்டை என்றால் நான் யோசிக்காமல் டி.டி.எஃப். கொடுத்திருப்பேன். ஆனால் தைப்பூசம் இங்கே நடுக்கோடையில் வருகிறது. டர்பன் புழுக்கத்தில் காவடியோடு கூட நடக்கிறவர்கள் நெஞ்சில், ஒரு அடி அகலத்துக்குக் காற்றுப் புகாத படலம் ஒட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சாம்பிள் சட்டை ஒன்றைக் கையில் வாங்கி உள்பக்கமாகத் தொட்டபோதே முடிவு செய்துவிட்டேன்.

சரி, ஸ்கிரீன்தான் என்றால் ஸ்கிரீன்களைக் குறைக்க வேண்டும். முதல் கடைக்காரரே வழி சொன்னார். "துணியின் நிறத்தையே ஒரு கலராக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை." காவடிக்கு மஞ்சளை விடப் பொருத்தமான நிறம் வேறு என்ன? மஞ்சள் சட்டையை எடுத்து, அதன் மேல் அரக்கு இங்க் ஒன்றை மட்டும் அடித்தால் அண்டர்பேஸே தேவையில்லை. வெளிர்த் துணியில் கருமையான இங்க் தானாக எடுத்துக் காட்டும். பையன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு அவனே தோகையை நிறமாக நிரப்பாமல் கோடுகளாக வரைந்து, வேலின் உள்பக்கத்தைத் துணி மஞ்சளாகவே விட்டுக் கொண்டுவந்தான். எனக்கென்னவோ பழையதை விட இதுதான் பிடித்திருந்தது. இங்க் குறைவாக இருப்பதால் நெஞ்சும் வேகாது.

இப்போது முன்னால் ஒரு ஸ்கிரீன், பின்னால் ஒரு ஸ்கிரீன். 44 சட்டைக்கு அச்சும் துணியும் 4356, செட்டப் 500, மொத்தம் 4856 ரேண்ட். இதையே 50 சட்டைக்குப் போட்டால் அச்சுக்கூலி 17க்கு இறங்குவதால் ஒரு சட்டை 89, மொத்தம் 4450, செட்டப்போடு 4950. அதாவது ஆறு சட்டை கூடுதலாக வாங்க 94 ரேண்ட்தான், வாட்டோடு 108. வெறும் சட்டையே 55 ரேண்ட் விற்கும்போது அச்சடித்தது 18 ரேண்டுக்குக் கிடைக்கிறது. உங்கள் எண்ணிக்கை 45க்கும் 49க்கும் நடுவில் நின்றால் 50க்கு என்ன விலை என்று கட்டாயம் கேளுங்கள். கடைக்காரர்கள் எல்லோரும் தாமாகச் சொல்வதில்லை. எங்களுக்கு வாட்டோடு 5692 ரேண்ட் 50 காசு. சட்டைக்கு 114 ரேண்ட் கூட வரவில்லை.

இடையில் ஒரு சிக்கல். பொறுப்பாளர்கள் எட்டுப் பேர் தனியாகத் தெரிய வேண்டும், அவர்களுக்கு மட்டும் பச்சை எழுத்து வேண்டும் என்றார் தலைவர். பாதியில் இங்க் மாற்றினால் ஸ்கிரீனைக் கழுவித் துடைக்கத் தனிக் கட்டணம். முதுகில் 'பொறுப்பாளர்' என்று மாற்றினால் புது ஸ்கிரீன். அதோடு, குறைந்தபட்சம் 25 என்பது டிசைன் ஒன்றுக்குத்தான், எட்டுச் சட்டையைத் தனி ஆர்டராக எடுக்கவே மாட்டார்கள். அந்த எட்டுப் பேருக்கும் வெள்ளைச் சட்டை கொடுத்துவிட்டோம். அதே ஸ்கிரீன், அதே அரக்கு இங்க், அதே 50க்குள் கணக்கு. சைஸும் அப்படித்தான், எல்லா சைஸும் ஒரே எண்ணிக்கையில் சேரும். ஆனால் படம் எல்லாவற்றிலும் ஒரே அளவில்தான் விழும். பெரியவர் சட்டைக்குப் பொருத்தமான 30 சென்டிமீட்டர் படம் பத்து வயதுப் பிள்ளை சட்டையில் அக்குள் வரை போய்விடும். இரண்டுக்கும் ஒத்துவர 24 சென்டிமீட்டரில் நிறுத்தினோம்.

தமிழ் எழுத்துக்குத் தனியாக எச்சரிக்கை சொல்ல வேண்டும். அச்சுக் கடையில் தமிழ் படிக்கிறவர் யாரும் இல்லை. முதலில் வந்த மாதிரிப் படத்தில் 'தொண்டர்' என்பதில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது, புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் ஏறியிருந்தது. அவர்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துருவைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருள். அதனால் எழுத்தாக அனுப்பாமல், எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றி PDF ஆக அனுப்பினோம். அப்படி மாற்றிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து கலையாது. திருத்தி வந்த மாதிரியையும் தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் பார்த்த பிறகுதான் சரி என்றோம். ஒப்புதல் கொடுத்த பிறகு தெரிகிற பிழைக்குக் கடை பொறுப்பேற்காது.

அச்சடிக்கிற அன்று கூடவே இருந்தேன். பலகையில் சட்டையை மாட்டி, ஸ்கிரீனை இறக்கி, ரப்பர்ப் பட்டையால் இங்கை ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். பிறகு சட்டை ஒரு நீளமான அடுப்புக்குள் பெல்ட்டில் ஊர்ந்து போகிறது. அவர்கள் போடுகிற பிளாஸ்டிசால் இங்க் 160 டிகிரி வரை சூடேறினால்தான் முழுதாக இறுகும். தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பதை நம்பக் கூடாது. ஆறிய பிறகு அச்சின் மேல் இரண்டு கட்டைவிரலை வைத்துத் துணியை நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். இங்க் துணியோடு சேர்ந்து விரிந்து மீண்டால் சரி. வெடித்து நடுவில் துணி தெரிந்தால் சூடு போதவில்லை, சில சலவையிலேயே உதிர்ந்துவிடும். முதலில் வந்த மூன்று சட்டை லேசாக வெடித்தன. கடைக்காரரிடம் காட்டினேன். பெல்ட்டின் வேகத்தைக் குறைத்து அவற்றைத் திரும்ப உள்ளே அனுப்பினார். அடுத்து வந்தவை ஒன்றும் வெடிக்கவில்லை.

ஆர்டரை டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டோம். டிசம்பர் நடுவில் இங்கே தொழிற்கூடங்கள் நிறைய மூடிவிடும், ஜனவரியில் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். இன்னொன்று, சட்டையில் வருடம் போட வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மிச்சமான ஆறு சட்டை அடுத்த தைப்பூசத்துக்கும் ஆகும். வேலை முடிந்ததும் ஸ்கிரீனைக் கழுவி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வதுதான் கடைக்காரர்கள் வழக்கம். ஒரு வருடம் வைத்திருக்க முடியுமா என்று கேட்டதற்கு, இரண்டு ஸ்கிரீன்தானே என்று ஒத்துக்கொண்டு பில்லின் ஓரத்தில் எழுதியும் கொடுத்தார். அடுத்த ஆர்டருக்கும் 25 என்கிற குறைந்தபட்சம் உண்டு, செட்டப் 500 மட்டும் கிடையாது.